தினம் ஒன்றா, வாரம் ஒன்றா? சீட்டில் அளவு தெளிவில்லாதபோது மருந்தாளுநர் டாக்டருக்கு எப்படி எழுதுவது

வாசகர் கடிதம்

வணக்கம் டாக்டர். கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்து மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். கடை வேறொருவருடையது. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்துக் கிராமத்திலிருந்து 58 வயது அம்மா ஒருவர் சீட்டு கொண்டுவந்தார். வாரம் ஒருநாள் மட்டும் எங்கள் ஊருக்கு வந்துபோகும் மூட்டு டாக்டர் எழுதியது. முதல் வரியில் மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி., பக்கத்தில் ஒரு கிறுக்கல். தினம் ஒன்று என்பதற்கான ஓ.டி. என்றும் படிக்கலாம், வாரம் ஒன்று என்பதற்கான ஓ.டபிள்யூ. என்றும் படிக்கலாம். அடுத்த வரியில் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி., அதற்கும் அதே மாதிரி கிறுக்கல். ‘ஒரு மாதம்’ என்று இருக்கிறது, எத்தனை மாத்திரை என்று இல்லை. கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்தவர், “டாக்டர் கிளம்பிட்டார், எழுதினபடி குடுங்க” என்றார். முதலாளி, “கையெழுத்து அவரோடது, பொறுப்பும் அவரோடது. வர்ற சீட்டைக் கெடுத்துக்காதே” என்றார். மூட்டு நோய்க்கு வாரம் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும் என்பதால் மெத்தோட்ரெக்ஸேட் நான்கு மாத்திரை வெட்டிக் கொடுத்து, வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேன். ஃபோலிக் ஆசிட் முப்பது கொடுத்தேன். டாக்டருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன், இரண்டு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் அனுப்பவில்லை. அனுப்பலாமா? எப்படி எழுத வேண்டும்? அவர் கோபித்துக்கொண்டால்? கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?

மருத்துவரின் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த அம்மாவின் போன் நம்பர் பில்லில் இருந்தால் இன்றே கூப்பிடுங்கள். நம்பர் இல்லாவிட்டால், அந்த ஊரிலிருந்து கடைக்கு வரும் வேறு யார் மூலமாவது ஆளைப் பிடியுங்கள். “மாத்திரை சரியா சாப்பிடுறீங்களாம்மா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் “சரியாத்தான் சாப்பிடுறேன்” என்றுதான் சொல்வார்கள். “ரெண்டு அட்டையையும் கையில எடுங்கம்மா, எதுல எத்தனை மிச்சம் இருக்கு, எண்ணிச் சொல்லுங்க” என்று கேளுங்கள். வாரம் ஒன்று என்றால் நீங்கள் கொடுத்த நான்கில், இரண்டு வாரம் ஆகியும் ஒன்றோ இரண்டோ மிச்சம் இருக்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் பாதி அளவுக்குத் தீர்ந்திருக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் முழுதும் காலியாகி, ஃபோலிக் ஆசிட் அட்டை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது என்றால், மாத்திரை மாறிவிட்டது என்று அர்த்தம். இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் சின்ன வட்ட மாத்திரைகள். கண் மங்கிய ஒருவருக்கு, ஒன்று தினமும் மற்றது வாரத்துக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினால் இடம் மாறுவது சுலபம்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வேறு கடையில் இந்த மருந்தை வாங்கினாரா? காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தினமும் சாப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்தால், “இனிமே நிறுத்திடுங்கம்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மருந்து அதிகமானால் முதலில் அடி வாங்குவது எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் சவ்வுகளும்தான். வாய் முழுக்கப் புண், தொண்டை வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிய தழும்பு. இவை வெளியே தெரியும்போது ரத்த அணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். ரத்த அணு எண்ணிக்கை, கிரியேட்டினின், ஈரல் பரிசோதனை மூன்றும் பார்க்க வேண்டும். முறிவு மருந்து ஃபோலினிக் அமிலம், அதாவது லூக்கோவோரின். மருந்தாளுநர்கள் சிலரே இதையும் ஃபோலிக் ஆசிட்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஃபோலிக் ஆசிட் உடலில் வேலை செய்யத் தேவையான நொதியைத்தான் மெத்தோட்ரெக்ஸேட் அடைத்து வைக்கிறது. அதனால் அளவு மீறிய பிறகு ஃபோலிக் ஆசிட்டை அள்ளிக் கொடுத்தும் பயனில்லை. அந்த அடைப்பைத் தாண்டிப் போகக் கூடியது ஃபோலினிக் அமிலம்தான்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் நல்லது. இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஊகம் சரியாக இருக்கலாம், அது மட்டும் போதாது

மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான் என்ற உங்கள் அறிவு சரி. முடக்குவாதத்துக்குப் பொதுவாக வாரத்துக்கு 7.5 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 மி.கி. வரை போவோம். 7.5 தினமும் என்றால் ஒரு வாரத்துக்கு 52.5 மி.கி. ஆகிவிடும். மாதக் கணக்கில் 30 மி.கி. போக வேண்டிய இடத்தில் 225 மி.கி. போகும். எந்த மூட்டு மருத்துவரும் தெரிந்து இப்படி எழுத மாட்டார். அதனால் ‘வாரம் ஒன்று’ என்று நீங்கள் படித்தது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் கிறுக்கல் வேறு விதமாகவும் இருக்கலாம். தோல் மருத்துவத்தில் ஒரு பழைய முறை உண்டு. வாரத்துக்கான அளவை மூன்றாகப் பிரித்து, 12 மணி நேர இடைவெளியில் மூன்று வேளை கொடுத்துவிட்டு, மீதி நாட்கள் நிறுத்திவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டு வலிதானா, சோரியாசிஸோடு வந்த மூட்டு வலியா என்று சீட்டில் இல்லையே? அப்புறம், அவர் ஏற்கெனவே 15 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்து, டாக்டர் 7.5 மாத்திரை இரண்டாக எழுத நினைத்து எண்ணை விட்டிருக்கலாம். ஃபோலிக் ஆசிட்டும் அப்படித்தான். வாரம் ஒருநாள் 5 மி.கி. எழுதுபவர்கள் உண்டு, மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் நாளை மட்டும் விட்டு மற்ற நாட்களில் எழுதுபவர்களும் உண்டு. நீங்கள் முப்பது கொடுத்தது ஆபத்தில்லை, ஆனால் அதுவும் ஊகம்தான். தினம் அல்ல என்பது வரைக்கும் உங்கள் படிப்பு உங்களைக் கொண்டுபோகும். அதன் பிறகு எத்தனை, எந்த நாள், எத்தனை மாதம் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் சீட்டு நோயாளியிடமே திரும்பிப் போய்விடுகிறது. நீங்கள் சொன்ன விளக்கம் காற்றில் போயிற்று, அந்தக் கிறுக்கல் மட்டும் அவர் மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த மாதம் உங்கள் கடை பூட்டியிருந்தால் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் கடைக்குப் போவார். அங்கே இருக்கும் பையன் ஓ.டி. என்று படித்து, மூன்று அட்டை எடுத்து வைப்பான். “வேறு கடையில் வாங்கினாரா” என்று கேட்கச் சொன்னது இதனால்தான். அளவை மனதுக்குள் திருத்திக்கொண்டு மருந்து கொடுக்கும் பழக்கம் நம் மெடிக்கல்களில் நல்லெண்ணத்தோடுதான் நடக்கிறது. ஆனால் தாளில் இருக்கும் தவறு அதனால் திருந்துவதில்லை.

அன்று என்ன செய்திருக்கலாம்? வலி மாத்திரை, கால்சியம் இருந்தால் அவற்றைக் கொடுத்துவிட்டு, மெத்தோட்ரெக்ஸேட்டையும் ஃபோலிக் ஆசிட்டையும் மட்டும் நிறுத்தி வைத்திருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கவே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நான்கைந்து நாள் தாமதமானால் மூட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதே நிலையில் இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ என்றால் கணக்கு மாறும். அங்கே கொடுக்காமல் அனுப்புவதே ஆபத்து, எப்படியாவது ஒரு மருத்துவரைப் பிடித்தே ஆக வேண்டும். சீட்டில் சந்தேகம் வரும்போதெல்லாம் கொடுத்தால் வரும் கேட்டையும் காத்திருந்தால் வரும் கேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மருந்தில் காத்திருப்பதற்கான விலை மிகக் குறைவு.

உரிமை உண்டா?

உரிமை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அது கடமை.

1945ஆம் வருட மருந்து விதிகளில் 65ஆவது விதி, மருத்துவர் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் தேதியும் வேண்டும், நோயாளியின் பெயரும் முகவரியும் வேண்டும், மொத்த மருந்தின் அளவும் சாப்பிட வேண்டிய அளவும் இருக்க வேண்டும். உங்களிடம் வந்த சீட்டில் மொத்த எண்ணிக்கையே இல்லை. ‘30’ என்றோ ‘4’ என்றோ ஒரு எண் இருந்திருந்தால் அந்தக் கிறுக்கல் உங்களைக் குழப்பியிருக்காது. ஆக, நீங்கள் கேட்பது டாக்டரின் வைத்தியத்தைப் பற்றிய கேள்வி அல்ல, சீட்டில் இருந்தே ஆக வேண்டிய ஒரு விவரத்தை.

இந்திய மருந்தியல் கவுன்சிலின் 2015ஆம் வருட மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. விடுபடல், ஒவ்வாத சேர்க்கை, அளவு மீறல் என்று வெளிப்படையான பிழை இருந்தால் சீட்டை எழுதியவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது. கூடவே, எழுதியவரின் பெயர் கெடும் விதத்தில் இதைச் செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. சீட்டை வாங்கும்போது முகத்தில் அதிர்ச்சியையோ வியப்பையோ காட்டக் கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்! சிரிப்பு வரலாம். ஆனால் கவுண்டரில் நிற்கும் எவருக்கும் தெரியும், நீங்கள் புருவத்தைச் சுருக்கினால் போதும், நோயாளி அந்த மருந்தையே தொட மாட்டார். “இந்த மாத்திரை எந்தக் கிழமைன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றேம்மா, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வழக்கமாக் கேக்குறதுதான்” என்று சொன்னால் போதும். அதில் பொய் இல்லை, பயமுறுத்தலும் இல்லை.

உங்கள் முதலாளி சொன்னதில் பாதிதான் உண்மை. கையெழுத்து டாக்டருடையது, சீட்டு பற்றிய பொறுப்பும் அவருடையது. ஆனால் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநர் கையாலோ அவர் நேரடி மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும் என்று அதே 65ஆவது விதி சொல்கிறது. சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. நாளை ஏதாவது ஆகி விசாரணை வந்தால், “எழுதினதைக் கொடுத்தேன்” என்ற பதில் முதலாளியையும் காப்பாற்றாது, உங்களையும் காப்பாற்றாது. சுவரில் மாட்டியிருப்பது உங்கள் பதிவுச் சான்றிதழ். இதை அவரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். இப்படிப்பட்ட மருந்துக்கு டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்தால் லைசன்ஸுக்கும் பாதுகாப்பு என்று சொல்லிப் பாருங்கள், காது கொடுப்பார்.

கடிதம்

உங்கள் இரண்டு பக்கத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. முதல் பத்தியில் மன்னிப்பு, இரண்டாவதில் அந்த மருந்தின் விஷத்தன்மை பற்றி ஒரு பாடம், மூன்றாவதில் கிளினிக்கில் போன் எடுத்தவர் பேசிய விதம் பற்றிய வருத்தம். கேள்வி கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். அறுபது நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் வெளிநோயாளிப் பிரிவில் இதைப் பிரிக்கும் மருத்துவர் முதல் நான்கு வரிக்கு மேல் படிக்க மாட்டார். மேலும், மெத்தோட்ரெக்ஸேட் பற்றி மூட்டு மருத்துவருக்கு நீங்கள் பாடம் சொன்னால் அவர் கோபப்படத்தான் செய்வார். கேள்வி கேட்டதற்காக மருத்துவர்கள் கோபித்துக்கொள்வது குறைவு, கேட்ட தோரணைக்காகக் கோபித்துக்கொள்வதே அதிகம்.

வேறொன்றையும் கவனியுங்கள். “இது வாரம் ஒன்றுதானே சார்?” என்று கேட்டால், நடந்துகொண்டே “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார். அந்த ‘ஆமா’வுக்கு மதிப்பில்லை. “இது தினம் ஒன்றுதானே சார்?” என்று கேட்டிருந்தாலும் அதே ‘ஆமா’ வந்திருக்கலாம். பதிலை நீங்களே கேள்விக்குள் வைக்கக் கூடாது. அவரே எண்ணையும் கிழமையையும் சொல்லும்படி கேளுங்கள். ஆனால் நீளமாக எழுதச் சொல்லாதீர்கள், கோடு போட்டுக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,
>
> பொருள்: மெத்தோட்ரெக்ஸேட் அளவு பற்றித் தெளிவு வேண்டி
>
> நோயாளி: (பெயர்), 58 வயது, பெண். சீட்டு தேதி: (தேதி). சீட்டின் படம் இணைப்பில்.
>
> சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி. என்பதற்குப் பக்கத்தில் உள்ள குறிப்பை ஓ.டி. என்றும் ஓ.டபிள்யூ. என்றும் படிக்க முடிகிறது. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி.க்கும் அப்படியே. மொத்த எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை.
>
> நோயாளிக்கு (தேதி) அன்று மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி. மாத்திரை நான்கு, வாரம் ஒன்று என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. முப்பது கொடுத்திருக்கிறேன். (தேதி) அன்று போனில் விசாரித்ததில் மெத்தோட்ரெக்ஸேட் ___, ஃபோலிக் ஆசிட் ___ மாத்திரை மீதம் உள்ளது. தங்கள் பதில் வரும் வரை மேற்கொண்டு கொடுக்கவில்லை.
>
> கீழே நிரப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்:
>
> மெத்தோட்ரெக்ஸேட் ___ மி.கி., சாப்பிட வேண்டிய கிழமை _______, மொத்தம் ___ மாத்திரை
>
> ஃபோலிக் ஆசிட் ___ மி.கி., சாப்பிட வேண்டிய நாட்கள் _______, மொத்தம் ___ மாத்திரை
>
> நோயாளியின் கையில் உள்ள சீட்டிலும் இதை எழுதிக் கையொப்பம் இட்டுத் தந்தால் வேறு கடையில் குழப்பம் வராது. அவரைத் தங்களிடம் எந்த நாளில் அனுப்பட்டும்?
>
> (பெயர்), பதிவு எண், கடை, கைப்பேசி எண்

இவ்வளவுதான். ‘தவறு’, ‘பிழை’ என்ற சொற்களே இதில் இல்லை. படிக்க முடியவில்லை என்று மட்டும் இருக்கிறது, அதுதான் உண்மையும்கூட. நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டால் அந்த அம்மாவின் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது, அவர் கொடுக்கும் பதிலும் அரைகுறையாகிவிடும். வலி மாத்திரை சேரலாமா, கிரியேட்டினின் பார்த்தார்களா என்று உங்களுக்கு வேறு சந்தேகங்களும் இருக்கும். நல்ல சந்தேகங்கள்தான், ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். ஒன்றே ஒன்று விலக்கு: அந்த அம்மா சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு எதற்கோ கோட்ரைமாக்ஸசோல் சாப்பிடுகிறார் என்று தெரியவந்தால் அதை முதல் வரியாகச் சேருங்கள், உடனே போனும் செய்யுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் சரியான அளவில் இருந்தாலும் அந்தச் சேர்க்கை ரத்த அணுக்களை வீழ்த்தக் கூடியது.

எதில் அனுப்புவது? போன்தான் முதலில். கடிதம் அதற்குப் பின்னால் வரும் பதிவு. வாரம் ஒருநாள் வரும் மருத்துவருக்கு அவர் மற்ற நாட்களில் உட்காரும் மருத்துவமனை ஒன்று இருக்கும். சீட்டின் தலைப்பில் பெரும்பாலும் அந்த எண்ணும் இருக்கும். வெளிநோயாளி நேரம் முடியும் தறுவாயில் கூப்பிடுங்கள், “மெத்தோட்ரெக்ஸேட் அளவு சந்தேகம், மெடிக்கலிலிருந்து பேசுகிறேன்” என்று மருந்தின் பெயரோடு தொடங்குங்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நிற்காத மூட்டு மருத்துவர் இருக்க மாட்டார். வரவேற்பில் இருப்பவரிடம், “எழுதினபடி குடுங்க என்று சொன்னீர்களே, எழுதினது என்னவென்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? உங்கள் பெயரையும் குறித்துக்கொள்கிறேன்” என்று மரியாதையாகக் கேளுங்கள். பெயரைக் கேட்டதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்டரின் சொந்த எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். மருந்துக் கடைக்காரர்கள் குழுவில் “இதைப் படிக்கத் தெரிந்தவர் யார்?” என்று சீட்டைப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். நோயாளியின் பெயரும் நோயும் ஊருக்கே போகிறது, வரும் பதில்களும் ஊகங்கள்தான்.

போனில் டாக்டர் சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்: “7.5 மில்லிகிராம், புதன்கிழமை மட்டும், நான்கு மாத்திரை. சரிதானே சார்?” அவர் முதலில் சொல்லி, நீங்கள் பிறகு திருப்பிச் சொல்வதற்குத்தான் மதிப்பு. தேதி, நேரம், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், சீட்டின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரின் கிறுக்கலுக்கு மேல் நீங்கள் பேனா வைக்காதீர்கள். அதைத் திருத்த வேண்டியவர் அவர். அவர் கையெழுத்துப் போட்டுத் தரும் வரை, “டாக்டரிடம் போனில் உறுதி செய்தது” என்று தேதியோடும் உங்கள் பெயரோடும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அதனோடு பின் அடித்துக் கொடுக்கலாம்.

பதில் வந்த பிறகு கொடுப்பது

முழு அட்டை கேட்பார்கள். “திரும்பத் திரும்ப வர முடியாது, அட்டையாவே குடுங்க தம்பி” என்பார்கள். இந்த மருந்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு வாரத்துக்கு நான்கு மட்டும், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் போய்விடாமல் வெட்டிக் கொடுங்கள். வீட்டில் இருப்பது நான்குதான் என்றால் குழப்பம் நடந்தாலும் அது நான்கோடு நிற்கும். ஒரே அளவு மாத்திரையையே ஒவ்வொரு மாதமும் கொடுங்கள். 2.5 மாத்திரை மூன்று என்று பழகியவருக்கு 7.5 மாத்திரையைக் கொடுத்தால், பழக்கத்தில் அதிலும் மூன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

கவரில் கிழமையைத் தமிழில் முழுதாக எழுதுங்கள்: ‘புதன்கிழமை மட்டும், வாரத்துக்கு ஒன்று, தினமும் கூடாது’. பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இந்த மருந்துக்குச் சாப்பிடும் கிழமையை முழுதாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கும் மருந்தகங்களுக்கும் அறிவுறுத்தியது. பணக்கார நாடுகளிலும் இதே குழப்பம் உயிரைக் குடித்திருக்கிறது. நம் ஊரில் 1-0-0 என்று எழுதும் பழக்கம் வேறு. காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான் அதில் உண்டு, வாரத்துக்கு இடமே இல்லை. கம்ப்யூட்டரில் அடித்த சீட்டிலும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு 1-0-0 வந்தால் இதே போல நிறுத்திக் கேளுங்கள். எழுத்து பளிச்சென்று இருப்பதாலேயே அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கிழமையை டாக்டர் உங்கள் விருப்பத்துக்கு விட்டால் அந்த அம்மாவையே கேளுங்கள். செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பவர் என்றால் அந்த நாட்கள் வேண்டாம். சந்தைக்குப் போகும் நாள் போல அவருக்கு மறக்காத ஒரு நாள் இருக்கும். ஃபோலிக் ஆசிட்டைத் தனிக் கவரில் போடுங்கள். கடைசியில், “எந்தக் கிழமை, எந்த மாத்திரை, சொல்லுங்கம்மா பார்ப்போம்” என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால், அல்லது ‘தினமும்’ என்று வந்தால்

பதிலே வராவிட்டால் மருந்தும் கொடுக்க வேண்டாம். அந்த அம்மாவை டாக்டர் வரும் நாளில் உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். தபாலை விட, நோயாளியின் கையில் போகும் காகிதத்துக்கு எப்போதும் பதில் வரும். கடிதத்தை மூடிக் கொடுங்கள், உள்ளே இருப்பது டாக்டருக்கு.

கோபித்துக்கொண்டு “நான் எழுதினதைக் கேள்வி கேட்க நீ யார்?” என்றால், “கேள்வி இல்லை சார், எனக்குப் படிக்க வரவில்லை, எண்ணும் கிழமையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்ற ஒரே வரியைத் திரும்பச் சொல்லுங்கள். சீட்டு வேறு கடைக்குப் போய்விடும் என்று முதலாளி பயப்படுகிறார். சில நாள் போகலாம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தன் சீட்டை நிறுத்திக் கேட்கும் கடை எது என்று தெரிந்து, நோயாளிகளை அங்கேயே அனுப்பும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அவர் தெளிவாகவே “தினமும் ஒன்று” என்று சொன்னால்? அவசரத்தில் ஃபோலிக் ஆசிட்டை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். “மெத்தோட்ரெக்ஸேட்டைக் கேட்கிறேன் சார், ஃபோலிக் ஆசிட்டை இல்லை” என்று மருந்தின் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே திருந்திவிடும். அப்போதும் தினமும்தான் என்றால், நோயையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள், எழுதித் தந்தாலும் மூட்டு நோய்க்கு என்றால் கொடுக்காதீர்கள். கொடுக்க மறுப்பது நீங்கள் சீட்டை மாற்றுவது ஆகாது. சீட்டை நோயாளியிடம் திருப்பிக் கொடுத்து, “இந்த ஒரு மாத்திரையை மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பிங்கம்மா” என்று சொல்லுங்கள். அவர் வேறு கடையில் வாங்கிவிடாமல் இருக்க, வீட்டில் மகனோ மகளோ இருந்தால் அவர்களிடமும் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை அந்த மருத்துவர் உங்கள் ஊருக்கு வரும் நாளில், கூட்டம் தொடங்குவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். இந்தச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டாம். இப்படிச் சந்தேகம் வந்தால் எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று மட்டும் கேட்டு, அந்த எண்ணைக் கவுண்டருக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.